நுகர்வோர் ஆணைய உத்தரவு கைக்கு வந்துவிட்டது, இனி என்ன? பழுதான பொருள் வழக்கில் புகார்தாரர்கள் கேட்பவை

புகார் கொடுத்தவர்களுடன் உட்கார்ந்து உத்தரவைப் படித்துக் காட்டுவது என் வேலையில் பாதி. பதினைந்து பக்கம் ஆங்கிலத்தில் வரும் உத்தரவைப் பார்த்ததும் பலர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை ஒரு மாதிரி வழக்கை வைத்துச் சொல்கிறேன். தேதிகளும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

ஒருவர் ரூ.36,000 கொடுத்து ஃபிரிட்ஜ் வாங்குகிறார். உத்தரவாதக் காலத்துக்குள் மூன்று முறை கம்ப்ரசர் மாற்றியும் குளிர்ச்சி வரவில்லை. கடைக்காரர், தயாரிப்பு நிறுவனம், தவணைக் கடன் கொடுத்த நிதி நிறுவனம் ஆகிய மூவர் மேலும் 12.6.2023 அன்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்கிறார். 20.11.2024 அன்று உத்தரவு. நகல் கையில் கிடைத்தது 2.12.2024.

இத்தனை பக்கத்தில் எதைப் படிக்க வேண்டும்? நான் ஜெயித்தேனா இல்லையா?

கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். "ஆகவே, இந்தப் புகார் பகுதியாக அனுமதிக்கப்படுகிறது" என்பதுபோல் ஒரு வரி இருக்கும். அதிலிருந்து கையெழுத்து வரை உள்ள பகுதிதான் எதிர்தரப்பைக் கட்டுப்படுத்தும் கட்டளை. அதற்கு முன் வருவது வேறு: முதலில் நீங்கள் சொன்ன கதை, அடுத்து அவர்கள் தந்த பதிலுரை, பிறகு தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகள், அப்புறம் ஆணையத்தின் காரணங்கள்.

இந்த வரிசை தெரியாமல் நடுவில் திறந்து படித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். "புகார்தாரர் பொருளைச் சரியாகப் பயன்படுத்தவில்லை" என்று ஐந்தாம் பக்கத்தில் இருந்தால் அது நிறுவனத்தின் வாதமாக இருக்கும். ஆணையம் என்ன முடிவு செய்தது என்பதைக் காரணங்கள் பகுதியில்தான் பார்க்க வேண்டும்.

நம் மாதிரி வழக்கின் கட்டளைப் பகுதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"1 மற்றும் 2-ஆம் எதிர்தரப்பினர் கூட்டாகவும் தனித்தனியாகவும் ரூ.36,000-ஐப் புகார் தாக்கலான நாளிலிருந்து செலுத்தும் நாள் வரை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். மன உளைச்சலுக்கு இழப்பீடாக ரூ.15,000, வழக்குச் செலவாக ரூ.5,000 வழங்க வேண்டும். உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் இழப்பீட்டுத் தொகைக்கும் உத்தரவு நாளிலிருந்து 9 சதவீத வட்டி சேரும். தொகையைப் பெற்றதும் புகார்தாரர் ஃபிரிட்ஜை ஒப்படைக்க வேண்டும். 3-ஆம் எதிர்தரப்பினர் மீதான புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது."

கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு பத்தியைச் சுற்றித்தான்.

'பகுதியாக' என்று ஏன் போட்டார்கள்? நான் 2 லட்சம் கேட்டேன், 15 ஆயிரம்தானே வந்திருக்கிறது?

நீங்கள் கேட்டது எல்லாமே கிடைக்காவிட்டால் அந்தச் சொல் வந்துவிடும். தோற்றுவிட்டீர்கள் என்று பொருள் இல்லை.

பொருளின் விலையைத் திருப்பித் தருவது வேறு, இழப்பீடு வேறு. விலைக்கு ரசீது இருக்கிறது, எனவே அதில் ஒரு ரூபாயும் குறையவில்லை. இழப்பீட்டுக்கு ரசீது போன்ற ஒன்றை நீங்கள் காட்டியிருக்க வேண்டும். எதிர்தரப்பின் கவனக்குறைவால் உங்களுக்கு நேர்ந்த இழப்பு அல்லது பாதிப்புக்கு இழப்பீடு தரச் சொல்ல 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. கெட்டுப்போன மருந்துக்கான பில், வேறு ஃபிரிட்ஜுக்குக் கொடுத்த வாடகை என்று ஆவணம் இருந்தால் அதைக் கூட்டிப் போட முடியும். வெறும் அலைச்சலும் மன உளைச்சலும் மட்டும் என்றால் ஆணையம் தானாக ஒரு தொகையை மதிப்பிடும். அது பெரும்பாலும் சிறிய தொகையாகவே இருக்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மேல்முறையீடு போவது பெரும்பாலும் வீண் அலைச்சல் என்றே சொல்வேன்.

புது ஃபிரிட்ஜ் கேட்டேனே. பணத்தைத் தரச் சொன்னது ஏன்?

பழுதை நீக்கித் தருவது, புதியதை மாற்றித் தருவது, விலையைத் திருப்பித் தருவது ஆகிய மூன்றையும் 39-ஆம் பிரிவு சொல்கிறது. எது பொருத்தம் என்பது ஆணையத்தின் முடிவு. பல தடவை பழுது பார்த்தும் சரியாகாத மாடல் என்றால் அதையே மறுபடி தரச் சொல்வதில் அர்த்தம் இல்லை. வழக்கு முடிவதற்குள் அந்த மாடல் சந்தையில் இருந்தே போயிருக்கும். மாற்றித் தரச் சொல்லி உத்தரவு வந்தவர்களுக்கு "அதே மாதிரி இப்போது இல்லை, வேறு தருகிறோம், வித்தியாசத்தைக் கட்டுங்கள்" என்று அடுத்த சண்டை தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். பணமாக வந்தது உங்களுக்கு நல்லதுதான்.

பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவே இல்லை. அப்படியென்றால் இந்தத் தீர்ப்பு நிற்குமா?

ஆய்வு இல்லாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாத நிலையில்தான் 38-ஆம் பிரிவின்படி மாதிரியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற ஆவணங்களே குறையைக் காட்டினால் அதற்குத் தேவை இல்லை.

உத்தரவின் கடைசியில் சான்றாவணங்களின் பட்டியல் இருக்கும். ஏ வரிசை உங்களுடையது, பி வரிசை அவர்களுடையது. மாதிரி வழக்கில் மூன்று சர்வீஸ் ஜாப் ஷீட்டுகள் ஏ வரிசையில் இருக்கின்றன. மூன்றிலும் நிறுவனத்தின் ஆளே "கம்ப்ரசர் மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பழுது உண்டு என்று அவர்கள் தரப்பே எழுதிக் கொடுத்தது அது. "மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் கெட்டது" என்று பிறகு சொன்னால், அதை ஏன் அன்றைக்கே ஜாப் ஷீட்டில் எழுதவில்லை என்று ஆணையம் கேட்கும். உங்கள் உத்தரவின் காரணங்கள் பகுதியில் எந்தச் சான்றாவண எண் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். மேல்முறையீட்டில் அவர்கள் தாக்கப்போவது அதைத்தான்.

அப்படி எந்த ஆவணமும் இல்லாமல், "புகார்தாரர் சொல்வதை ஏற்கிறோம்" என்ற ஒரே வரியில் முடிந்திருந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டியதுதான்.

'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்றால் ஆளுக்குப் பாதியா?

இல்லை. முழுத் தொகையையும் கடைக்காரரிடம் கேட்கலாம், நிறுவனத்திடமும் கேட்கலாம், இருவரிடமும் சேர்த்தும் கேட்கலாம். மொத்தத்தில் ஒரு தடவைதான் வாங்க முடியும். "என் பங்கு பாதிதான், மீதியைக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் அது அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு. உங்களைக் கட்டுப்படுத்தாது.

அந்தச் சொற்கள் இல்லாமல் "2-ஆம் எதிர்தரப்பினர் தர வேண்டும்" என்று மட்டும் இருந்தால் கடைக்காரரிடம் போய் நிற்காதீர்கள். அவர் மேல் கட்டளையே இல்லை.

ஃபைனான்ஸ் கம்பெனி மேல் தள்ளுபடி என்கிறார்கள். அப்போது இ.எம்.ஐ. கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டும். பொருளில் குறை இருந்ததற்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் தொடர்பில்லை என்று ஆணையம் கருதியதால்தான் அவர்களை விடுவித்தது. ஜெயித்த மகிழ்ச்சியில் தவணையை நிறுத்திவிட்டு, கடன் மதிப்பெண் கெட்டுப்போய் வந்தவர்கள் உண்டு. மீதிக் கடன் இருந்தால் இந்தத் தொகை வந்ததும் அதைக் கட்டி முடித்து, கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு கேட்க வேண்டும்? வட்டியை எப்படிப் போடுவது?

முதலில் மூன்று கேள்விக்குப் பதில் தேடுங்கள்: வட்டி எந்தத் தொகைக்கு, எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை. மாதிரி உத்தரவில் விலைக்கு மட்டும் புகார் நாளிலிருந்து வட்டி. இழப்பீட்டுக்குத் தவறினால் மட்டுமே, அதுவும் உத்தரவு நாளிலிருந்து. வழக்குச் செலவுக்கு வட்டியே இல்லை. ரசீது நாளிலிருந்து வட்டி போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். உத்தரவில் எந்த நாள் எழுதியிருக்கிறதோ அந்த நாள்தான்.

அவர்கள் 45 நாளைத் தாண்டி 12.2.2025 அன்று கொடுக்கிறார்கள் என்று வைப்போம். ரூ.36,000-க்கு 9 சதவீதம் ஆண்டுக்கு ரூ.3,240. 12.6.2023-இலிருந்து 12.2.2025 வரை 611 நாட்கள். 3,240-ஐ 611-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் ரூ.5,424. இழப்பீடு ரூ.15,000-க்கு ஆண்டு வட்டி ரூ.1,350, உத்தரவு நாளிலிருந்து 84 நாட்களுக்கு ரூ.311. ஆக, 36,000 + 5,424 + 15,000 + 311 + 5,000 என்று மொத்தம் ரூ.61,735. இது தனிவட்டி. உத்தரவில் சொல்லாமல் கூட்டுவட்டி போடக் கூடாது.

மாதக் கணக்கில் போட்டால் விலைக்கான வட்டி 20 மாதத்துக்கு ரூ.5,400 வரும். அந்த இருபத்து சொச்சம் ரூபாய்க்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

கடையிலிருந்து கூப்பிட்டு, '36 ஆயிரம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்' என்கிறார்கள். வாங்கலாமா?

பணத்தை வாங்கலாம். கையெழுத்துப் போடும் தாளைத்தான் பார்க்க வேண்டும். அதில் "முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் மீதி 25 ஆயிரத்துச் சொச்சத்தை நீங்களே விட்டுக்கொடுத்ததாக அவர்கள் வாதிடுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, "உத்தரவுப்படி வர வேண்டிய தொகையில் ஒரு பகுதியாக, மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் ரூ.36,000 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அவர்கள் மறுத்தால் வங்கிக் கணக்கு எண்ணைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

உத்தரவுத் தொகைக்குக் குறைவாக வாங்கி முடித்துக்கொள்வது தவறு என்று சொல்ல மாட்டேன். மேல்முறையீட்டில் இரண்டு வருடம் போகும் என்று தெரிந்து ஐயாயிரத்தை விட்டுக்கொடுக்கும் கணக்கு சிலருக்குச் சரியாக இருக்கும். ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

அவர்கள் மேல்முறையீடு போனால் எல்லாம் போச்சா?

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மாநில ஆணையத்துக்கு 41-ஆம் பிரிவின்படி 45 நாட்களுக்குள் போகலாம். இங்கேதான் ஒரு குழப்பம் வரும். மாதிரி உத்தரவில் பணம் கட்டுவதற்கும் 45 நாள், மேல்முறையீட்டுக்கும் 45 நாள். இரண்டும் ஒன்றல்ல. பணம் கட்டும் கெடு நகல் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது, எனவே 16.1.2025 வரை. மேல்முறையீட்டுக் கெடுவைச் சட்டம் உத்தரவின் நாளிலிருந்து எண்ணுகிறது, எனவே 4.1.2025. தக்க காரணம் காட்டினால் மாநில ஆணையம் தாமதத்தை மன்னிக்கவும் முடியும். ஆகவே ஐந்தாம் தேதி காலையில் இனிப்பு வாங்க ஓட வேண்டாம்.

பணம் தர வேண்டியவர் மேல்முறையீடு செய்தால் அந்தத் தொகையில் 50 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டாமல் மேல்முறையீட்டை ஏற்க முடியாது. சின்னத் தொகை வழக்குகளில் பலர் இங்கேயே பின்வாங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு இழப்பீடு போதவில்லை என்று நீங்கள் போனால் இந்த வைப்புத்தொகை கிடையாது; நீங்கள் யாருக்கும் பணம் தர வேண்டியவர் அல்லவே.

"மேல்முறையீடு போட்டுவிட்டோம், இனி எதுவும் தர வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் தடை உத்தரவு நகலைக் கேளுங்கள். மனு போட்டதாலேயே கீழ் உத்தரவு நின்றுவிடாது. மாநில ஆணையம் தடை விதித்திருக்க வேண்டும்.

கடைக்காரர் ஆஜராகவே இல்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்தது. இப்போது வந்து 'எனக்கு நோட்டீஸே வரவில்லை' என்கிறாரே?

அவர் மாநில ஆணையத்தில்தான் அதைச் சொல்ல வேண்டும். தன்னுடைய ஒருதலைப்பட்ச உத்தரவைத் தானே ரத்து செய்யும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் அங்கே போனால் முதலில் பார்க்கப்போவது நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான். எனவே பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, தபால் துறையின் இணையத்தில் வந்த சேர்ப்பு விவரம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

விலையை 36,000 என்பதற்குப் பதில் 30,000 என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். என்ன செய்வது?

40-ஆம் பிரிவின் கீழ் அதே ஆணையத்தில் மறுஆய்வு மனு போடுங்கள். பார்த்தவுடன் தெரியும் பிழைக்கு மட்டுமே இந்த வழி. "ஏன் 15 ஆயிரம்தான் தந்தீர்கள்" என்று கேட்க இதைப் பயன்படுத்த முடியாது. கெடு உத்தரவு நாளிலிருந்து 30 நாள். மாதிரி வழக்கில் நகல் வந்ததே 12 நாள் கழித்துத்தான், மிச்சம் 18 நாள். நகல் வந்த அன்றே உங்கள் பெயர், எதிர்தரப்பின் பெயர், ரசீது எண், தொகை நான்கையும் ரசீதோடு வைத்து ஒத்துப் பாருங்கள். கடையின் பெயர் ரசீதில் ஒரு மாதிரியும் உத்தரவில் வேறு மாதிரியும் இருந்தால், நாளைக்கு வங்கிக் கணக்கை முடக்கக் கேட்கும்போது அதுவே தடையாகும்.

கெடு முடிந்தும் பைசா வரவில்லை. தானாக ஏதாவது நடக்குமா?

நடக்காது. உத்தரவு போட்டதோடு ஆணையம் அந்தக் கோப்பை மூடிவிடும். நீங்கள்தான் மறுபடி போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு கடிதம். மேலே போட்ட கணக்கையும் உத்தரவின் நகலையும் வைத்து, உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தோடு, இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். "எங்கே கட்டுவது என்று தெரியவில்லை" என்ற சாக்குக்கு இடம் இருக்காது.

பிறகு உத்தரவு போட்ட அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்றுதல் மனு. இதில் இரண்டு வழி இருக்கிறது. 71-ஆம் பிரிவு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவது போலவே இந்த உத்தரவையும் நிறைவேற்ற வழி செய்கிறது. அதாவது எதிர்தரப்பின் வங்கிக் கணக்கு, சரக்கு, சொத்து ஆகியவற்றை ஜப்தி செய்து பணத்தை எடுப்பது. 72-ஆம் பிரிவு தண்டனைக்கானது: உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.25,000 முதல் ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெரும்பாலோர் 72-ஐத்தான் கேட்கிறார்கள். 'உள்ளே தள்ள வேண்டும்' என்ற கோபம் புரிகிறது. ஆனால் அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. பணத்தைக் கொண்டுவருவது 71. கடையின் ரசீதை எடுத்துப் பாருங்கள்: அடியில் வங்கிக் கணக்கு எண்ணும் கிளையும் பல ரசீதுகளில் அச்சாகியிருக்கும். மனுவில் அதைக் குறிப்பிட்டு ஜப்தி கேட்டால் வேலை சுருக்கமாகும். வசதியுள்ள எதிர்தரப்பு வேண்டுமென்றே இழுத்தடித்தால் 72 நல்ல அழுத்தம். கடை மூடிப்போய் ஒன்றுமில்லாதவர் என்றால், கூட்டுப் பொறுப்பு இருப்பதால் நிறுவனத்தின் மேல் 71 போவதே புத்திசாலித்தனம்.

இதற்கெல்லாம் வக்கீல் வேண்டுமா?

கட்டாயம் இல்லை, நீங்களே ஆஜராகலாம். கணக்குத் தாளும் சான்றிட்ட நகலும் ஒழுங்காக இருந்தால் நிறைவேற்றுதல் மனுவைப் பலர் தாங்களே நடத்துகிறார்கள். மாநில ஆணையத்தில் மேல்முறையீட்டை எதிர்கொள்வதற்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அந்தப் பழைய ஃபிரிட்ஜை என்ன செய்வது? வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். "தொகையைப் பெற்றதும் ஒப்படைக்க வேண்டும்" என்பதும் கட்டளைதான், அது உங்கள் மேல். பொருள் உங்களிடம் இல்லையென்றால் பணம் தர மறுக்க அவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். வெளியாளை வைத்துப் பழுது பார்க்கவும் வேண்டாம். மேல்முறையீடு வந்து ஆய்வுக்குக் கேட்டால் "பிரித்துவிட்டார்கள்" என்ற பேச்சு வரும்.

வரிசையையும் கவனியுங்கள்: முதலில் பணம், பிறகு பொருள். "வண்டி அனுப்புகிறோம், ஃபிரிட்ஜ் கோடவுனுக்கு வந்ததும் பணம் போடுவோம்" என்றால் உத்தரவின் வாசகத்தைக் காட்டுங்கள். ஒப்படைக்கும் அன்று சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டு, எடுத்துச் செல்பவரின் பெயர், கையெழுத்து, தேதியோடு ஒரு ரசீது வாங்குங்கள்.

பணம் கொடுத்த பிறகு எடுத்துப் போகவே வராத கடைகளும் உண்டு. "இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலைச் சேர்ப்பு விவரத்தோடு உத்தரவுக் கோப்பிலேயே வையுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் என்ன செய்யலாம் என்று ஆணையத்திலேயே ஒரு மனு கொடுத்துக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் நகர்த்துங்கள்.